பாதியில் விலகியவர்களால் ஆய்வு நின்றுவிடுமா?

"திருவாரூர் பக்கம் சம்பா நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையை ஆய்வு செய்கிறேன். பாதி விவசாயிகள் விலகிவிட்டார்கள். வேறு ஆட்களைச் சேர்க்கலாமா?"

சேர்க்கும் முன், யார் போனார்கள் என்று பாருங்கள். ஒப்பிடும் இரு குழுக்களில் ஒன்றிலிருந்து மட்டும் அதிகம் பேர் கழன்றுகொள்வதைச் சாய்வான விலகல் எனலாம். எண்ணிக்கை குறைவதைவிட இதுதான் ஆபத்து. பந்தியில் பாதியில் எழுந்து போனவர்களை விட்டுவிட்டு, பாயசம் வரை உட்கார்ந்தவர்களிடம் மட்டும் சமையலைப் பற்றிக் கேட்பது மாதிரி.

குழுவுக்கு 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். புது முறையில் 7 பேர், வழக்கமான முறையில் ஒருவர் விலகுகிறார். முதல் சந்திப்பில் எழுதிய குறிப்பைப் புரட்டினால், அந்த 7 பேரும் கடைமடைக்காரர்கள், போர்வெல் இல்லாதவர்கள். வயலைக் காயவிட்டு, அடுத்த முறை தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம், நியாயமான பயம்தான். அந்தக் குழுவில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் போர்வெல் வைத்திருப்பவர்கள். இப்போது மகசூலை ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது முறையை அல்ல, போர்வெல்லை.

விலகியவர்களுக்கு அந்த வாரமே போன் போட்டுக் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். வாராவாரம் நீர்மட்டம் அளக்கச் சொல்லாமல், அறுவடையில் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை என்ற ஒரே கேள்விக்குச் சம்மதம் கேளுங்கள், பலர் சொல்வார்கள். கிடைத்த விடையை, அவர்கள் முதலில் இருந்த குழுவின் கணக்கிலேயே வையுங்கள். திட்ட மாற்றத்தை மகசூல் தெரியும் முன்பே தேதியிட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.

புது ஆட்களால் எண்ணிக்கையை நிரப்பினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடுப்பருவத்தில் சேரச் சம்மதிப்பவர்களும் பெரும்பாலும் போர்வெல் உள்ளவர்களாகவே இருப்பார்கள், சாய்வு அப்படியே நிற்கும்.