முன்னாய்வுப் பகுதியில் ‘கூறினார்’ திரும்பத் திரும்ப வராமல் எழுதுவது எப்படி?

"பாலாற்றுப் பகுதி நிலத்தடி நீர் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ஒரே வாக்கியம் திரும்ப வருகிறது, பேச்சுநடையாக இருக்கிறது என்று நெறியாளர் திருப்பிவிட்டார். எப்படிச் சரிசெய்வது?"

முன்னாய்வு மதிப்பாய்வு என்பது, உங்கள் கேள்வியைப் பற்றி இதுவரை தெரிந்தது எது, விடுபட்டது எது என்று காட்டும் பகுதி. ஆள் வாரியாக எழுதினால் 'ஆய்வு செய்தார், கூறினார்' ஒவ்வொருவருக்கும் வந்தே தீரும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய்களை எந்த விவசாயி கொண்டுவந்தார் என்றா குவிக்கிறார்கள்? தக்காளி ஒரு பக்கம், கத்தரி ஒரு பக்கம். அதுபோல முடிவு வாரியாகக் குவியுங்கள்.

ஒரு கற்பனைப் பத்தியைப் பார்ப்போம்:

"ஒருவர் வாணியம்பாடிக் கிணறுகளை ஆய்வு செய்தார். உப்பு அதிகம் என்று கூறினார். இன்னொருவர் ராணிப்பேட்டைக் கிணறுகளை ஆய்வு செய்தார். அவரும் உப்பு ரொம்ப மோசம் என்று கூறினார்."

திருத்தியது:

"தோல் பதனிடும் ஆலைகளுக்கு அருகிலுள்ள கிணறுகளில் கரைந்த உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க குடிநீர் வரம்பைத் தாண்டுவதை வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆய்வுகள் இரண்டும் காட்டுகின்றன. மழைக்குப் பிந்தைய மாற்றத்தை இரண்டாவது ஆய்வு மட்டுமே அளந்துள்ளது."

'ரொம்ப மோசம்' இருந்த இடத்தில் அளவு வந்துவிட்டது. மூல ஆய்வில் உண்மையிலேயே அந்த அளவு இருந்தால்தான் இப்படி எழுதலாம். இரண்டு ஆய்வுக்கும் சான்றுக் குறிப்பு வாக்கியத்திலேயே வர வேண்டும். சேர்த்து எழுதும்போது பலர் தவறவிடுவது இதைத்தான். கடைசி வாக்கியம் கூடுதல் லாபம்: உங்கள் ஆய்வுக்கான இடைவெளி அங்கே தெரிகிறது.

கூறினார் என்பதை இயம்பினார், நவின்றார் என்று மாற்றினால் கல்விநடை வந்துவிடாது. சொல் மட்டும் மாறும், கூறியது கூறல் அப்படியே இருக்கும்.