நெஞ்சில் ரேடியேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் வரும் வறட்டு இருமல்

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கீமோவும் நெஞ்சில் ரேடியேஷனும் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. நன்றாகத்தான் இருந்தார். இப்போது பத்து நாளாக வறட்டு இருமல், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. நோய் திரும்பிவிட்டதா?

பதில்:

நோய் திரும்பிவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். ரேடியேஷன் முடிந்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் இப்படி இருமலும் மூச்சு வாங்கலும் தொடங்கினால், கதிர் பட்ட இடத்தில் நுரையீரல் அழற்சியாகி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இதை ரேடியேஷன் நியூமோனைட்டிஸ் என்பார்கள். ஆறு மாதம் கழித்து வருவதும் உண்டு. இது கிருமியால் வருவதில்லை, அதனால் ஆன்டிபயாட்டிக்கில் அடங்காது. நாளைக்கே அப்பாவின் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ 995க்கு அழைத்துவிடுங்கள்.

நான் இங்கே சிங்கப்பூரில் புற்றுநோய்ப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். ஆனால் இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் என் பெரியப்பா. ஈசூனில் இருக்கிறார், அறுபத்தெட்டு வயது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கட்டி, மூன்றாம் நிலை. கீமோவோடு சேர்த்து 60 கிரே கதிர், 30 தடவையாக, ஆறு வாரம் கொடுத்தார்கள். முடித்து வந்தபோது விழுங்கும்போது தொண்டை எரிச்சல் மட்டும்தான் இருந்தது. அதுவும் அடங்கி, கோப்பிக்கடைக்கு நடந்து போய்வரத் தொடங்கினார். ஏழெட்டு வாரத்துக்குப் பிறகுதான் இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, லேசான காய்ச்சல், பேச்சை முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். ஒரு தனியார் கிளினிக்கில் நிமோனியா என்று சொல்லி ஒரு ஆன்டிபயாட்டிக், கேட்கவில்லை என்றதும் வேறொன்று. ரேடியேஷன் எப்போது முடிந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இந்த நோயைக் கண்டுபிடிக்க முதல் தடயமே அந்தத் தேதிதான். நீங்கள் எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறந்ததும் அதைச் சொல்லுங்கள்.

கதிர் பட்டவுடன் வராமல் ஏன் இவ்வளவு தாமதம் என்று பெரியம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். நுரையீரலின் காற்றுப்பைகளை உள்பக்கம் வழுவழுப்பாக வைத்திருக்கும் செல்களும், சுற்றியுள்ள நுண்ரத்தக் குழாய்களின் உள்சுவரும் கதிரில் அடிபடுகின்றன. அவை உடனே சாவதில்லை. மெதுவாகப் புதுப்பிக்கப்படும் செல்கள் என்பதால் சேதம் வெளியே தெரிய வாரங்கள் ஆகும். அதற்குள் அழற்சி வேதிப்பொருட்கள் சுரந்துகொண்டே இருக்கும், குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றுப்பைக்குள் இறங்கும். அப்போதுதான் இருமலும் மூச்சு வாங்கலும்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றவை இல்லை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கித்தான் இதற்கு வர முடியும். ஸ்டெதஸ்கோப்பில் பெரும்பாலும் ஒன்றும் பெரிதாகக் கேட்காது, எக்ஸ்ரேயும் ஆரம்பத்தில் சாதாரணமாகவே இருக்கலாம். பெரியப்பாவை டாக்டர் முதலில் உட்கார வைத்து விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டினார், 96 காட்டியது. ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பெரியப்பாவே சொன்னார். அப்புறம் அதே கருவியோடு வராந்தாவில் இரண்டு முறை நடக்க வைத்தார்கள். 89க்கு இறங்கியது. நடந்து பார்க்காமல் அனுப்பியிருந்தால் அது தெரிந்திருக்காது. வீட்டில் அந்தச் சிறிய கருவி இருந்தால் அப்பாவை வீட்டுக்குள் கொஞ்சம் நடக்கச் சொல்லிப் பாருங்கள், இரண்டு எண்களையும் எழுதி எடுத்துப் போங்கள்.

அடுத்தது சிடி ஸ்கேன். சாயம் ஏற்றி எடுத்தார்கள், நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும் என்பதால். புற்றுநோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து எப்போதும் அதிகம். அடைப்பு இல்லை. வலது பக்கம் மங்கலான வெண்படலமும், சில இடங்களில் திட்டுத்திட்டாக வெள்ளையும் தெரிந்தது. டாக்டர் இன்னொரு திரையில் சிகிச்சைக்கு முன்பு போட்ட ரேடியேஷன் திட்டத்தைத் திறந்தார். எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்று நிறம் நிறமாகக் காட்டும் வரைபடம் அது. அதையும் புது ஸ்கேனையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். வெண்படலம், நிறம் விழுந்த பகுதியின் விளிம்போடு நின்றது. நுரையீரலின் மடல் எல்லையை அது மதிக்கவில்லை, கீழ் மடலிலிருந்து நடு மடலுக்குத் தாண்டியிருந்தது. சாதாரண நிமோனியா அப்படிக் கதிரின் எல்லையைப் பிடித்துக்கொண்டு பரவாது. இந்த ஒப்பீட்டுக்குத்தான், ரேடியேஷன் கொடுத்த இடத்திலேயே காட்டுங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன். திட்டம் அங்கேதான் இருக்கும்.

பெரியப்பாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ரேடியேஷன் முடிந்ததும் டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி தொடங்கியிருந்தார்கள். அந்த மருந்தும் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். அது வழக்கமாகக் கதிர் படாத இடங்களிலும், இரண்டு பக்கமும் சிதறி வரும். அவருக்கு ஒரு பக்கம், கதிர் பட்ட இடத்தில் மட்டும் என்பதால் கதிர்தான் முக்கியக் காரணம் என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் ஊசியை உடனே நிறுத்தி வைத்தார்கள். அப்பாவுக்கும் அப்படி ஊசி ஓடுகிறது என்றால் அடுத்த டோஸுக்கு முன்பே இருமலைச் சொல்லிவிடுங்கள். சளி எடுத்து டிபி, மற்ற கிருமிகள் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், ஸ்டீராய்டு தொடங்கப் போகிறவருக்கு அதைப் பார்க்காமல் விட முடியாது. பெட் ஸ்கேன் எடுத்து நோய் திரும்பியதா என்று பார்க்கலாமே என்று நாங்கள் கேட்டோம். அழற்சி உள்ள இடமும் பெட் ஸ்கேனில் ஒளிரும், இப்போது எடுத்தால் குழப்பமே மிஞ்சும், அழற்சி அடங்கிய பிறகு பார்ப்போம் என்றார் டாக்டர். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

சிகிச்சைக்கு வருவோம். ஸ்கேனில் மட்டும் தெரிந்து, ஆளுக்குத் தொந்தரவே இல்லை என்றால் மருந்து வேண்டாம், கண்காணித்தால் போதும். மூச்சு வாங்கினால் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். பெரியப்பாவுக்குத் தினமும் 40 மில்லிகிராம், அதாவது ஐந்து மில்லிகிராம் மாத்திரை எட்டு, காலை உணவுக்குப் பிறகு ஒரே வேளையில். நாலாவது நாளே இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. பலருக்கும் இப்படி வேகமாகக் கேட்கும்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வாரம் முழு டோஸ், அப்புறம் வாரம் ஐந்து மில்லிகிராமாகக் குறைப்பது என்று அட்டவணை கொடுத்திருந்தார்கள். 20 மில்லிகிராமில் இருந்தபோது, மூச்சுதான் சரியாகிவிட்டதே, முகம் வேறு உப்புகிறது என்று பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டார். ஒரு வாரத்துக்குள் இருமல் திரும்பியது, எழுந்தால் தலைசுற்றல் வேறு. தலைசுற்றலுக்குக் காரணம் தனி: வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடல், தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்காமல் படுத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். மறுபடி டோஸை ஏற்றி, முன்பைவிட மெதுவாகக் குறைக்க வேண்டியதாயிற்று. இந்த அழற்சி, மாத்திரையைக் குறைக்கும்போதுதான் தலைதூக்கும். அதனால் ஒவ்வொரு முறை குறைத்த பிறகும் அந்த வாரத்து நடையையும் இருமலையும் கவனித்து, மாற்றம் தெரிந்தால் அடுத்த குறைப்புக்கு முன்பே சொல்லுங்கள்.

ஸ்டீராய்டோடு கூட வருபவற்றில் எனக்கு அதிகக் கவலை சர்க்கரைதான். காலையில் சாப்பிடும் ப்ரெட்னிசோலோன், சர்க்கரையைப் பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏற்றும். பெரியப்பா வழக்கம்போலக் காலை வெறும் வயிற்றில் குத்திப் பார்த்தார், 6 மில்லிமோல் என்று நிம்மதியாக இருந்தார். மாலை பார்க்கச் சொன்னேன், 17. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்கு முன்னும் பாருங்கள். 20 மில்லிகிராமுக்கு மேல் நாலு வாரம் தாண்டும் என்றால் ஒருவகைப் பூஞ்சை நிமோனியா வராமல் இருக்க கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரையும் கொடுப்பார்கள். சல்ஃபா ஒவ்வாமையோ ஜி6பிடி குறைபாடோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி முன்பு இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஸ்டீராய்டில் அது மறுபடி விழித்துக்கொள்ளலாம். வயிற்றுக்கு ஒரு மாத்திரை, வாய்ப்புண் வந்தால் அதற்கு மருந்து, இவை எளிதில் சமாளிக்கக் கூடியவை.

பெரியப்பாவுக்கு மாத்திரையை முழுவதும் நிறுத்த மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. டோஸ் 10 மில்லிகிராமுக்கு இறங்கி, மூச்சும் சீரானதும் இம்யூனோதெரபியை மறுபடி தொடங்கினார்கள். அழற்சி இன்னும் கடுமையாக இருந்து ஆக்சிஜன் தேவைப்பட்டிருந்தால் அந்த ஊசியை நிரந்தரமாக நிறுத்தியிருப்பார்கள். அடுத்தடுத்த ஸ்கேன்களில் வெண்படலம் சுருங்கி, அந்த இடம் தழும்பாகிவிட்டது. தழும்பு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் முழுதாகத் தெரியவரும். அதற்கு ஸ்டீராய்டு பயன்படாது. பிசியோ சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியும் தினசரி நடையும்தான் அவருக்கு உதவுகின்றன. படி ஏறும்போது இன்னும் நடுவில் ஒருமுறை நிற்கிறார். அடுத்த ஸ்கேன் அறிக்கையில் அந்தத் தழும்பைப் பற்றி ஏதாவது எழுதியிருந்து உங்களுக்குக் கலக்கமாக இருந்தால், பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். மாறாமல் இருந்தாலோ சுருங்கினாலோ அது பெரும்பாலும் தழும்புதான். ஸ்கேனுக்கு ஸ்கேன் பெரிதாகிக்கொண்டே போனால், அல்லது புதிதாக உருண்டையாக ஏதாவது தெரிந்தால், அப்போது நோய் திரும்பியிருக்கிறதா என்று பெட் ஸ்கேனோ பயாப்ஸியோ எடுத்துப் பார்ப்பார்கள்.