"நீ ஸ்கூலுக்கு வராதம்மா"

வணக்கம் மேடம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். என் மகளுக்கு 12 வயது. ஐந்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் நன்றாகப் படித்தாள். ஆறாவதில் தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் சேர்த்தோம். இப்போது ஏழாவது.

இரண்டு மாதம் முன்பு இங்கிலீஷ் வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னபோது 'ஐலண்ட்' என்பதை 'இஸ்லாண்ட்' என்று வாசித்துவிட்டாள். மிஸ் சிரித்துக்கொண்டே அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டினாராம். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயரே 'இஸ்லாண்ட்' ஆகிவிட்டது. டெஸ்ட் பேப்பர் கொடுக்கும்போது குறைந்த மார்க்கிலிருந்து சத்தமாக வாசித்துக் கொடுக்கிறார்கள். போன அறிவியல் டெஸ்ட்டில் 50க்கு 14. "உன்ன எதுக்கு இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்தாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள்.

காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறாள். "நல்லா படிச்சா எவன் சிரிக்கப் போறான்" என்று நானும் திட்டிவிட்டேன். பள்ளிக்கு வந்து பேசுகிறேன் என்றால், "நீ வராதம்மா, உனக்கும் இங்கிலீஷ் தெரியாது" என்று அழுகிறாள். திரும்பத் தமிழ் வழிக்கே மாற்றிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த வயிற்று வலி. ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதோடு, வீட்டு காலண்டரில் வலி வரும் நாளையெல்லாம் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். ஞாயிறு சாயங்காலம் ஆரம்பித்து, திங்கள் காலையில் அதிகமாகி, வெள்ளி சாயங்காலம் காணாமல் போகிறதென்றால் அது பயத்தில் வருகிற வலி. பயத்தில் வந்தாலும் வலி நிஜமானதுதான், அவள் நடிக்கவில்லை. இங்கிலீஷ் பீரியடும் டெஸ்ட் பேப்பரும் இருக்கிற நாளில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். பின்னால் ஆசிரியரிடம் பேசும்போது அந்தக் குறிப்பு உதவும்.

இரவில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இல்லாமலே போயிடலாம்" என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறாள் என்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி மையம் இருக்கிறது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அடுத்து அந்த 'இஸ்லாண்ட்'. இதை அவளிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். தமிழில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறோம். எழுத்து இருந்தால் ஒலி இருக்கும். அந்தப் பழக்கத்தில் நடுவிலிருந்த எஸ் எழுத்தையும் சேர்த்து வாசித்தாள். தெரியாத சொல்லைத் தனக்குத் தெரிந்த விதியை வைத்து வாசித்திருக்கிறாள், அது மண்டைக்குள் ஒன்றுமில்லாத பிள்ளை செய்கிற காரியம் இல்லை. இன்னொன்றையும் சொல்லுங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ்ஸே கிடையாது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில், லத்தீன் வழியாக வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லுக்கு இது சொந்தம் என்று தப்பாக நினைத்து எஸ்ஸைச் சேர்த்துவிட்டார்கள். எழுத்தில் ஒட்டிக்கொண்டது, உச்சரிப்பில் வரவே இல்லை. ஆங்கிலம் எழுதினவர்களே செய்த பிழையில்தான் உங்கள் மகள் தடுக்கினாள்.

மார்க் ஏன் சரிகிறது என்பது உங்களுக்கே தெரியும். கம்பெனியில் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று முறைத்தால், பத்து வருஷம் தைத்த கைக்கே பீஸ் கோணலாகப் போகிறதில்லையா? அவளுக்கும் அதேதான். ஒரு கண் புத்தகத்தில், இன்னொரு கண் யார் சிரிக்கிறார்கள் என்பதில். ஒரு நேரத்தில் மனசு பிடித்து வைத்துக்கொள்கிற இடம் கொஞ்சம்தான். அதில் பாதியைப் பயம் எடுத்துக்கொண்டால், தெரிந்த சொல்லும் நாக்கில் நிற்காது. "நல்லா படிச்சா சிரிக்க மாட்டாங்க" என்று நீங்கள் சொன்னது அதனால்தான் அவளுக்கு உதவவில்லை. சிரிப்பு நின்றால்தான் அவளால் படிக்க முடியும். அன்று திட்டியதற்கு, "அம்மா தெரியாம சொல்லிட்டேன் சாமி" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், போதும். அதற்கப்புறம் அவள் மிச்சத்தையும் உங்களிடம் சொல்வாள். இப்போது உங்களுக்குத் தெரிந்திருப்பது நடந்ததில் பாதியாகக்கூட இருக்கலாம்.

தமிழ் வழிக்கு மாற்றுவதைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த 14 வாங்கிய அறிவியல் பாடத்தை அவளைத் தமிழில் உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். செடி எப்படி உணவு தயாரிக்கிறது, வெப்பம் எப்படிப் பரவுகிறது, எதுவானாலும் சரி. தமிழில் சரளமாகச் சொல்கிறாள் என்றால் பாடம் புரிந்திருக்கிறது, கேள்வியின் ஆங்கிலம்தான் தடுக்கிறது. தமிழிலும் சொல்ல வரவில்லை என்றால் பாடமே வகுப்பில் காதில் ஏறவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. கூடவே தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழிலும் எழுத்துகள் மாறுகின்றன, வரி தவறுகிறது, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்துவிடுவது நல்லது. ஐந்தாவது வரை நன்றாகப் படித்தவள் என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு.

தமிழில் நன்றாகச் சொல்கிற பிள்ளையை, நான்கு பேர் சிரித்ததற்காக வருஷ நடுவில் இடம் மாற்ற வேண்டாம். தோற்று ஓடிவந்தோம் என்ற நினைப்பு அவளோடு ஒட்டிக்கொண்டே வரும். தமிழ் வழி ஒன்றும் மட்டமானதில்லை. அங்கே போனால் நிம்மதியாகப் படிப்பேன் என்று வருஷக் கடைசியில் அவளே யோசித்துச் சொன்னால் சந்தோஷமாக மாற்றுங்கள்.

வாசிப்புப் பயத்துக்கு நான் சொல்வது ரொம்பச் சின்ன வேலை. அடுத்த பாடத்தில் எட்டு பத்து வரி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண் யாராவது இருந்தால், மெதுவாக வாசித்து உங்கள் போனில் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். முதல் நாள் மகள் அதைக் கேட்டபடி வரியில் விரல் வைத்துப் போகட்டும், வாசிக்க வேண்டாம். இரண்டாம் நாள் பதிவோடு சேர்ந்து வாசிக்கட்டும். மூன்றாம் நாள் பதிவு இல்லாமல். நான்காம் நாள் நீங்கள் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே ஒரு வசதி, நீங்கள் நடுவில் நிறுத்தித் திருத்த மாட்டீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும், அரை மணி நேரம் ஆனால் வெறுத்துவிடுவாள்.

ஆனால் இதெல்லாம் வீட்டு வேலை. காயம் பட்டது வகுப்பறையில், அதனால் ஆசிரியரிடம் பேசித்தான் ஆக வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் நடுவில் வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிட்டு, தனியாகப் பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். "என் பொண்ணைக் கிண்டல் பண்றீங்க" என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். இப்படிச் சொல்லலாம்: "மிஸ், அன்னைக்கு வாசிச்சதுல இருந்து பசங்க அவளை இஸ்லாண்ட்னு கூப்பிடறாங்க. ரெண்டு வாரமா பள்ளிக்கூட நாள்ல வயிறு வலிக்குதுங்கறா, இதோ குறிச்சு வெச்சிருக்கறேன்." அப்புறம் இரண்டே கோரிக்கை. பேப்பரை மார்க் வாசிக்காமல் மடித்துக் கொடுக்க வேண்டும். அவளை வாசிக்கச் சொல்வதானால், எந்தப் பத்தி என்று நான்கு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்தப் பத்தியை வீட்டில் நான்கு நாள் முறையில் பழக்கிவிடலாம். இரண்டாம் கோரிக்கையைத் தற்காலிகமாக, இரண்டு மாதத்துக்கு என்று கேளுங்கள். பல ஆசிரியர்கள் இதைக் கேட்டதும் நிஜமாகவே சங்கடப்படுவார்கள். தாங்கள் படித்த காலத்தில் நடந்ததைத் தாங்களும் யோசிக்காமல் செய்திருப்பார்கள்.

மூன்று வாரத்தில் மாறவில்லையென்றால், அல்லது "அம்மாகிட்ட சொல்லி அனுப்பினியா" என்று அவளைக் குத்திப் பேசினால், தேதியும் சொன்ன வார்த்தையும் போட்டுத் தலைமை ஆசிரியருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான சட்டம் அது, பொதுவாகத் தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான். கடிதத்தில் அந்தப் பிரிவை ஒரு வரி எழுதினாலே பள்ளி கவனிக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான எண் 1098. புகார் கொடுத்தால் பிள்ளைமேல் காட்டுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும், நியாயமான பயம்தான். அதனால்தான் தனிப் பேச்சை முதலில் வைத்தேன்.

வகுப்புப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, "கண்டுக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். தனியாக நின்று கண்டுகொள்ளாமல் இருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். அவளுக்கு ஒரு வரி கொடுங்கள்: "ஆமா, அன்னைக்குத் தப்பா வாசிச்சேன். இப்ப சரியா தெரியும்." ஒரு தடவை, முகத்தைப் பார்த்து, அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். வீட்டில் நீங்கள் கிண்டல் செய்கிற பிள்ளையாக நடித்து, பத்துத் தடவை சொல்லிப் பார்க்க வையுங்கள். குரல் நடுங்கினால் பரவாயில்லை. அதைவிட முக்கியம், இடைவேளையில் கூட இருக்க ஒரு தோழி. கிண்டல் செய்கிறவர்களுக்கு வேண்டியது சுற்றியிருப்பவர்களின் சிரிப்பு, ஒரே ஒரு பிள்ளை சிரிக்காமல் இவள் பக்கத்தில் வந்து நின்றாலே அது சப்பென்று போகும். அப்படி யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். பையைப் பிடுங்குவது, கும்பலாக வழிமறிப்பது, போனில் வீடியோ எடுத்துப் பரப்புவது என்று போனால் அவளே பதில் சொல்லட்டும் என்று விடாதீர்கள், அன்றே பள்ளிக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, "நீ வராதம்மா" என்றாளே, அது உங்களை எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. ஆனால் அவள் உங்களைக் கேவலமாக நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அம்மாவைப் பார்த்தும் சிரித்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறாள், அதை அவளால் தாங்க முடியாது. அதனால் சொல்லாமல் போய் நிற்காதீர்கள். என்ன பேசப் போகிறீர்கள் என்பதை முந்தின இரவே அவளிடம் சொல்லுங்கள். "எதைச் சொல்ல வேண்டாம்னு நினைக்கறே?" என்று கேளுங்கள். கூப்பிட்டுக் கிண்டல் செய்த பிள்ளைகளின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பாள், ஒப்புக்கொள்ளுங்கள். பள்ளி விட்டு, வேன் எல்லாம் கிளம்பின பிறகு போங்கள். பேச்சு தமிழிலேயே இருக்கட்டும், ஒரு சொல்கூட ஆங்கிலத்தில் தேட வேண்டாம். அவள் வெளியே வராந்தாவில் இருக்கட்டும். முடிந்து வந்ததும் மிஸ் என்ன சொன்னார் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வாருங்கள்.