எலும்பு எளிதில் உடையும் நோய் உள்ள என் மகனின் உயரம் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது. எதை நம்புவது?

எனக்கும் அதே ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாதான், மூன்றாம் வகை. நாற்பது முறிவுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். உங்கள் மகனுக்கும் கால் எலும்புகள் வளைந்திருக்கும், நேராக நிற்க முடியாது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, அதனால் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஒருமுறை நுரையீரல் திறன் சோதனைக்குப் போனேன். என்னைப் படுக்க வைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நேர்க்கோட்டில் அளந்து 96 செ.மீ. என்று எழுதினார்கள். என் பழைய குறிப்பில் 110 இருந்தது. அது குதிகால், முழங்கால், இடுப்பு, தோள், தலை என்று துண்டு துண்டாக, வளைவை ஒட்டி நாடாவை வைத்து அளந்து கூட்டியது. இரண்டுமே பொய் இல்லை. ஒன்று நான் அடைக்கும் இடம், மற்றது வளைவை நிமிர்த்தினால் வரும் நீளம்.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. ஊதினால் இவ்வளவு காற்று வர வேண்டும் என்று இயந்திரம் உயரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஒரே ஊதல்தான். 96 என்று கொடுத்தால் 94 சதவீதம், 110 என்று கொடுத்தால் 70க்கும் கீழே. முதுகெலும்பு வளைந்து குள்ளமானவருக்குக் குறைந்த உயரத்தைப் போட்டால், நுரையீரல் நன்றாக இருப்பது போலத் தெரிந்துவிடும். இதற்காகக் கைகளை விரித்து, விரல் நுனிக்கு நுனி அளப்பது வழக்கம். என் முன்கைகளும் வளைந்தவை, அதனால் அதுவும் உதவவில்லை. கடைசியில் மருத்துவர் சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, போன முறை எத்தனை லிட்டர், இந்த முறை எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்தார்.

அதனால் எது சரி என்று தேடாதீர்கள். ஒரே முறையில் அளக்கச் சொல்லி, எப்படி அளந்தார்கள் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். தொடையில் கம்பி வைத்து நிமிர்த்திய மறுநாள் நாலு செ.மீ. கூடினால் அது வளர்ச்சி இல்லை. உட்கார்ந்த உயரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் முள்ளெலும்புகள் நசுங்குகின்றனவா என்று கேளுங்கள். அதை அளவுப் பிழை என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று: அளவுப் பலகையில் படுக்க வைத்து முழங்காலை அழுத்தி நீட்ட யாரையும் விடாதீர்கள். எனக்கு ஒருவர் அப்படிச் செய்யப் போனார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அதே அம்மாவைத்தான், நோய் என்னவென்று தெரியாத நாட்களில், "குழந்தையை அடித்தீர்களா?" என்று மூன்று முறை தனி அறையில் வைத்து விசாரித்தார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். ஆனாலும் இன்றுவரை அவள் என் பழைய எக்ஸ்ரே உறைகளைத் தேதி வாரியாகக் கட்டி வைத்திருக்கிறாள்.