போன் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் பற்றரியும் அந்தரங்கமும் என்னாகும்?

"ஹே கூகிள் என்றதும் போன் விழிக்கிறதே, அப்போ நாள் முழுக்க எங்கட பேச்சைக் கேட்டு அனுப்புதா? பற்றரி இதனாலதான் இறங்குதா?"

கேட்கிறது, ஆனால் அனுப்புவதில்லை. அந்த வேலையைப் பெரிய புரொசசர் செய்வதில்லை, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் தனிச் சிறு புரொசசர் ஒன்று செய்கிறது. கடைசிச் சில நொடிச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேலேயே புதியதை எழுதிக்கொண்டு, அந்தச் சொல்லின் ஒலி வருகிறதா என்று பார்க்கிறது. பொருந்தினால் மட்டும் பெரிய புரொசசரை எழுப்பும், அது மறுபடி சரிபார்க்கும். அதனால் பற்றரிக்குச் சேதம் மிகக் குறைவு, திரையும் சிக்னல் தேடலும்தான் கூடுதலாகத் தின்பவை. போனை ஃப்ளைட் மோடில் போட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள், இன்டர்நெட் இல்லாமலே விழிக்கும்.

உண்மையான சிக்கல் தவறாக விழிப்பதுதான். காத்தான்குடியில் ஒரு வீட்டில் டிவி சத்தமாக ஓடுகிறது என்று வையுங்கள், அதில் அந்தச் சொல்லைப் போலவே ஒலிக்கும் ஏதோவொன்று வருகிறது, போன் விழித்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே பேசப்படும் குடும்பக் கதையும் சேர்வருக்குப் போகலாம். 2019இல் ஐபோனின் குரல் உதவியாளரான Siri இப்படித் தவறாகப் பதிந்தவற்றை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டது செய்தியாகி, ஆப்பிள் அந்த வேலையை நிறுத்திவைத்தது. எனக்கு இதுதான் கவலை.

கூகிள் என்றால் myactivity.google.com போய், நீங்கள் கூப்பிடாத நேரத்தில் பதிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழித்துவிட்டு, குரல் கேட்டு விழிக்கவைக்கும் Voice Match-ஐ அணைத்துவிடுங்கள், பட்டனை அழுத்தியும் பேசலாம்.