அசெம்பிளியில் நல்ல சமாரியன் கதை: எங்கே நிறுத்துவது?

கேள்வி: பெரம்பூரில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் இரக்கத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது ஒரு வேதநூலிலிருந்து ஒரு கதை இருக்க வேண்டுமாம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, ஜைனப் பிள்ளைகள் எல்லாரும் நிற்பார்கள். பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையைச் சொல்லலாமா? மதப் பிரச்சாரம் என்று பெற்றோர் வந்து நிற்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பல மதப் பிள்ளைகள் நிற்கும் கூட்டத்துக்கு நான் முதலில் கைவைக்கும் கதையே இதுதான். இதில் அற்புதம் எதுவும் நடப்பதில்லை. யாரும் மதம் மாறுவதில்லை. சமாரியன் சமாரியனாகவே தன் வழியில் போகிறான். நடந்த சம்பவம் என்று பைபிளும் சொல்லவில்லை, ஒருவர் கேட்ட கேள்விக்கு இயேசு பதிலாகச் சொன்ன கதை. அதனால் எந்தப் பிள்ளையிடமும் "இதை நம்பு" என்று கேட்க வேண்டியதே இல்லை.

லூக்கா 10ஆம் அதிகாரத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள், ஏனென்றால் பள்ளிகளில் சொல்லப்படுவது பாதிக் கதைதான். அடிபட்டவனுக்கு ஒருவன் உதவினான், நாமும் உதவுவோம் என்று முடித்துவிடுகிறார்கள். கதையின் உயிர் அதன் இரண்டு ஓரங்களில் இருக்கிறது. ஆரம்பத்தில் யூத நியாயசாஸ்திரி ஒருவர், "எனக்குப் பிறன் யார்?" என்று கேட்கிறார். பிறன் என்றால் இங்கே அந்நியன் இல்லை, நாம் நேசிக்க வேண்டிய அயலான். யார் யாரை நேசித்தால் போதும், கோடு எங்கே என்று தெரிந்துகொள்ள நினைக்கிறார். கதையைச் சொல்லி முடித்த இயேசு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: "இந்த மூன்று பேரில் அடிபட்டவனுக்குப் பிறனாக இருந்தவன் யார்?" அந்த மனிதர் "சமாரியன்" என்று சொல்லவில்லை, "இரக்கம் காட்டியவன்" என்கிறார். யூதர்களுக்கும் சமாரியர்களுக்கும் அவ்வளவு பகை. அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் காட்டாமல் விட்டால் பேச்சே வீண்.

நான் சொன்னால் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்:

"கிறிஸ்தவர்களின் வேதமான பைபிளில் ஒரு கதை இருக்கிறது. எருசலேம் மலைமேல் இருக்கும் ஊர். எரிகோ கீழே பள்ளத்தாக்கில். நம்ம பாரிமுனையிலிருந்து தாம்பரம் போகிற தூரம்தான், ஆனால் முழுக்க இறக்கம், பாறை, ஆள் நடமாட்டம் குறைவு. அந்த வழியில் போன ஒருவனைத் திருடர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவன் ஊர் ஆட்கள், பெரிய மனிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பார்த்தார்கள், ஒதுங்கிப் போனார்கள். மூன்றாவதாக வந்தவன் சமாரியன். இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஆகாது. அவன் நின்றான். காயத்தில் எண்ணெயும் திராட்சை ரசமும் ஊற்றிக் கட்டினான். தன் வாகன மிருகத்தில் அவனை ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டான். காலையில் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். அது இரண்டு நாள் கூலி. 'இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்' என்றான். இப்போது சொல்லுங்கள், அடிபட்டவனுக்கு வேண்டியவன் யார்?"

இங்கே நிறுத்துங்கள். பிள்ளைகள் பதில் சொல்லட்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "நம் வகுப்பில் நாம் யார் பக்கத்தில் உட்கார மாட்டோம்?" இதற்கு மைக்கில் பதில் வாங்கக் கூடாது. மனதுக்குள் நினைத்துக்கொள்ளச் சொல்லி, நன்றி கூறி இறங்கிவிடுங்கள். மொத்தம் நான்கு நிமிடம்.

ஒதுங்கிப் போனவர்கள் ஆசாரியனும் லேவியனும், அதாவது கோயில் பணியில் இருந்தவர்கள். புரிய வேண்டுமே என்று அவர்களைப் பூசாரி என்றோ இமாம் என்றோ மாற்றிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வீட்டிலிருந்து ஆள் வரும், அவர்கள் வருவதும் நியாயம். "யூதர்கள் கெட்டவர்கள்" என்ற தொனியும் வேண்டாம். கதையைச் சொன்னவரும் கேட்டவரும் யூதர்களே. அந்தச் சமாரியன் இயேசுவையே குறிக்கிறான் என்ற பழைய விளக்கம் தேவாலயத்தில் சொல்ல வேண்டியது. கடைசியில் "எல்லா மதமும் இதையேதான் சொல்கிறது" என்று நாலு மத மேற்கோள்களைக் கோக்கவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த மேற்கோள்களில் பல எந்த நூலிலும் இல்லாதவை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்கார வைக்கக் கூடாது என்கிறது. மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு, மதத்தைப் போதிப்பது வேறு என்பதை 2002இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கதை சொல்வதில் தவறில்லை. கண்ணை மூடச் சொல்வது, கை கூப்பச் சொல்வது, "ஆமென்" சொல்ல வைப்பது ஆகிய மூன்றும் எல்லை தாண்டுபவை.

நான் உண்மையில் பயப்படுவது உங்கள் பேச்சைப் பற்றி இல்லை. "உங்களுக்கு எதுக்கு சிரமம் டீச்சர், நாங்க ஆளை அனுப்புறோம், இலவசம்தான்" என்று வருபவர்களைப் பற்றித்தான். மதிப்புக் கல்வி, தன்னம்பிக்கை என்று அட்டை அச்சடித்து வருவார்கள். எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு இப்படி வந்தவர் கதை நன்றாகத்தான் சொன்னார். முடிவில் பிள்ளைகளைக் கண் மூடச் சொல்லி, தான் சொல்வதைத் திரும்பச் சொல்ல வைத்தார். போகும்போது புத்தகம் கொடுத்து, பெற்றோர் கைபேசி எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை கேட்டில் பத்துப் பெற்றோர். ஏற்பாடு செய்தவரின் போன் அணைந்திருந்தது. பதில் சொன்னது நாங்கள்தான். 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியிலிருந்து வந்த பேச்சாளர், உடற்குறைக்கு முற்பிறவிப் பாவத்தைக் காரணமாகச் சொன்னதும், பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். இரக்கம் பேச வந்த இடத்தில் ஒரு பிள்ளையின் காலைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால் அதைத் திரும்ப எடுக்க முடியுமா? வெளியாள் வேண்டவே வேண்டாம். நீங்களே பேசுங்கள்.

நிர்வாகத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுற்றறிக்கை வரும், திங்கட்கிழமை நிகழ்ச்சி நடக்க வேண்டும், புகைப்படம் பதிவேற்ற வேண்டும். என்ன பேசினீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆசிரியருக்குத் தயாராக நேரமே கொடுக்காததால்தான் அந்த இலவசப் பேச்சாளர்களுக்கு கேட் திறக்கிறது.

இன்னும் ஒன்று, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாலையில் அடிபட்டவரைப் பற்றிய கதை இது. ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு ஓடும் வண்டிகளுக்கு நடுவே போய் ஆளைத் தூக்கக் கூடாது. தூக்கும் விதத்தில் முதுகெலும்புக் காயம் மோசமாகவும் வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் செய்ய வேண்டியது, பக்கத்தில் இருக்கும் பெரியவரைக் கூப்பிடுவது, 108ஐ அழைக்கச் சொல்வது. உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே இந்தச் சமாரியனின் பெயர்தான். இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அப்புறம், சாலை விபத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளை உண்டா என்று சனிக்கிழமைக்குள் மற்ற வகுப்பாசிரியர்களிடம் கேளுங்கள். இருந்தால் அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே தனியாகப் பேசுங்கள். அது முகம் மாறினால் இந்தக் கதையை வேறொரு மாதத்துக்குத் தள்ளுங்கள்.

பேச்சை ஒரு பக்கத்தில் எழுதி, தலைமையாசிரியரிடம் காட்டி, தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெற்றோராவது வந்து கேட்டால் விளக்கம் சொல்லத் தொடங்காமல், முதலில் அந்தத் தாளைக் கையில் கொடுங்கள்.