விஜிஏ லேப்டாப், புது மானிட்டர்: எழுத்து மங்கலாகத் தெரிந்தால்

“பழைய லேப்டாப்பில் விஜிஏ மட்டும்தான். கன்வெர்ட்டர் போட்டு 24 இன்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டரில் இணைத்தேன். படம் வருகிறது, எழுத்தெல்லாம் மங்கல்.”

படம் வருவதால் உங்கள் கன்வெர்ட்டர் சரியான திசையில் மாற்றுவதுதான். ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றுவதாக இருந்தால் படமே வந்திருக்காது.

முதலில் ரெசல்யூஷனைப் பாருங்கள். இரண்டு திரையிலும் ஒரே படம் ஓடினால், லேப்டாப்பின் 1366×768 படத்தைத்தான் மானிட்டர் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். மங்கலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விண்டோஸ் என்றால் `Win+P` அழுத்தி `Second screen only` தேர்ந்தெடுங்கள். அப்புறம் `Display settings` போய் 1920×1080 வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் போதும்.

பட்டியலில் 1920×1080 இல்லையா? மானிட்டர் தன் அளவுகளைச் சொல்லும் தகவலைக் கன்வெர்ட்டர் லேப்டாப்புக்குக் கடத்தவில்லை என்று சந்தேகப்படலாம். வேறு கன்வெர்ட்டர் மாட்டிப் பாருங்கள்.

அளவு சரியாகியும் எழுத்தின் ஓரம் நடுங்கினால், கன்வெர்ட்டரின் யுஎஸ்பி மின் வயரைச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். விஜிஏ பக்கம் நீளக் கேபிள் வேண்டாம். தூரம் தேவைப்பட்டால் ஹெச்டிஎம்ஐ பக்கம் நீட்டுங்கள். மானிட்டரிலேயே விஜிஏ இருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம். நேராக மாட்டி, மானிட்டர் மெனுவில் `Auto Adjust` கொடுங்கள்.